பாங்கு: பிள்ளையின் காதில் ஓதும் சொல்

பிள்ளை பிறந்த சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவரும் பெரியவர்கள், ஆணா பெண்ணா என்று கேட்ட கையோடு அடுத்ததாகக் கேட்பது: "பாங்கு சொல்லியாச்சா?" தமிழ் முஸ்லிம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவைப்படாது. வெளியில் இருப்பவர்களுக்குச் சொல் சற்றுக் குழப்பும். தொழுகைக்கு அழைக்கும் வாசகங்களே பாங்கு; பிறந்த பிள்ளையின் காதில் அவற்றை ஓதுவது வழக்கம். 'பாங்காக நடந்துகொண்டான்' என்கிறோமே, அந்தப் பாங்குக்கும் இதற்கும் உறவில்லை. இது பாரசீகச் சொல். 'பாங்' என்றால் உரத்த குரல், கூவல். உருதுவில் சேவல் கூவுவதற்கும் இதே சொல்தான். சில ஊர்களில் 'வாங்கு' என்பார்கள், மலையாளத்திலும் அப்படியே.

அரபியில் இதன் பெயர் அதான். அந்த மொழியில் காதுக்கு 'உதுன்'. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆக, அதான் என்பதன் நேர்ப்பொருள் காதில் விழச் செய்தல், அறிவித்தல். குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் மூன்றாம் வசனத்தில் இச்சொல் வெறும் 'அறிவிப்பு' என்ற பொருளிலேயே வருகிறது. அங்கே தொழுகைப் பேச்சே இல்லை. அதான் சொல்பவர் 'முஅத்தின்'. அவரைத்தான் நம் ஊர்களில் மோதினார் ஆக்கிக்கொண்டோம்.

தொழுகைக்கு அழைக்கும் முறையாகப் பாங்கு மதீனாவில் ஹிஜ்ரி 1-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அப்துல்லாஹ் இப்னு ஸைத் என்ற தோழர் கனவில் கேட்ட வாசகங்களை நபிகள் நாயகம் (ஸல்) ஏற்று, குரல் வளம் மிக்க பிலாலைக் கொண்டு சொல்லச் செய்தார்கள். பிறந்த பிள்ளையின் காதுக்கு அது வந்ததற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது அபூ ராஃபிஉ அவர்களின் அறிவிப்பு. நபிகளாரின் மகள் ஃபாத்திமா அவர்கள் ஹஸனைப் பெற்றெடுத்தபோது, நபிகளார் அந்தப் பிள்ளையின் காதில் தொழுகைக்குரிய பாங்கைச் சொன்னதைத் தாம் பார்த்ததாக அவர் கூறுகிறார். அபூதாவூது, திர்மிதி ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் இது இருக்கிறது.

இந்த ஒற்றை வரியை ஊன்றிப் படித்தால் இரண்டு விஷயம் தெரியும். 'தொழுகைக்குரிய பாங்கு' என்று சொல்லியிருப்பதால், பள்ளிவாசலில் ஒலிக்கும் அதே வாசகங்கள்தான். பிள்ளைக்கென்று தனி வாசகம் கிடையாது. விடியற்காலைத் தொழுகையான சுபுஹின் பாங்கில் மட்டும் வரும் 'தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது' என்ற வரியை இங்கே பொதுவாகச் சேர்ப்பதில்லை. இரண்டாவது, 'காதில்' என்று ஒருமையில்தான் இருக்கிறது. வலக் காது என்றோ இடக் காதில் வேறொன்று ஓதியதாகவோ அதில் இல்லை.

அப்படியானால் இடக் காதில் சொல்லும் இகாமத்? 'நிற்கச் செய்தல், நிலைநிறுத்தல்' என்று பொருள்படும் சொல் அது. தொழுகை தொடங்கப்போகும்போது, வரிசையில் எழுந்து நிற்கச் சொல்லும் இரண்டாம் அழைப்பு. வலக் காதில் பாங்கும் இடக் காதில் இகாமத்தும் சொல்லச் சொல்லும் ஒரு நபிமொழி உண்டு. ஆனால் அதன் அறிவிப்பாளர் வரிசையில் பொய்யர் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் இருப்பதாக ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒதுக்கிவிட்டார்கள். கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் தம் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்து, அப்போதே பெயரும் சூட்டுவார் என்ற செய்தி இருக்கிறது. ஷாஃபி, ஹனஃபி என்ற இரு சட்ட மரபுகளின் நூல்களுமே இதை விரும்பத்தக்கது என்கின்றன. நம் பக்கத்து வழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

அபூ ராஃபிஉ அறிவிப்பிலும் ஆஸிம் இப்னு உபைதில்லாஹ் என்பவர் பலவீனமானவர் என்று விமர்சிக்கப்படுகிறார். திர்மிதி ஏற்கிறார்; பின்வந்த பலர் ஏற்கவில்லை. அதனால் பாங்கே சொல்லாத குடும்பங்களும் இன்று உண்டு. கட்டாயக் கடமை என்று யாரும் சொல்லாத ஒன்றுக்காகப் பிரசவ வார்டு வாசலில் மாமனும் மச்சானும் வாதாடுவது எனக்கு உவப்பில்லை.

செய்முறை எளிது. குளிப்பாட்டித் துணியில் சுற்றிய பிள்ளையை ஒருவர் ஏந்திக்கொள்ள, தகப்பனோ பாட்டனாரோ தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் உளூவைச் செய்துவிட்டு, தொழும் திசையான கிப்லாவை நோக்கி நின்று, காதருகே குனிந்து தணிந்த குரலில் சொல்வார். இகாமத்தில் ஊருக்கு ஊர் வேறுபாடு தெரியும். ஷாஃபிகள் நிறைந்த கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் 11 வாசகங்களில் முடியும்; ஹனஃபி ராவுத்தர் வீடுகளில் 17 வாசகங்கள். மூச்சுத் திணறலென்று பிள்ளையை உள்ளே வைத்துவிட்டால் பதற வேண்டியதில்லை. கையில் தந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். கைபேசியில் பதிவை ஓடவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் வைப்பதைச் சமீபமாகப் பார்க்கிறோம். சொல்பவர் ஒருவர் இருந்தால்தான் அது பாங்கு என்பதே ஆலிம்களிடையே பரவலான கருத்து.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'தொழுகை அழைப்பு' பள்ளிவாசல் பாங்குக்குப் பொருந்தும். பிள்ளையை யாரும் தொழ வரச் சொல்லவில்லையே. இங்கே அதானின் பழைய பொருளான அறிவிப்பே நிற்கிறது. சங்கப் பாடல்களில் அரசனுக்கு நல்லது எடுத்துரைக்கும் துறைக்குச் 'செவியறிவுறூஉ' என்று பெயர். பொருளில் இவ்வளவு நெருங்கிய சொல் வேறில்லை, ஆனால் இன்று யார் வாயிலும் நுழையாது. 'காதில் பாங்கு ஓதுதல்' என்பதே போதும். பாங்கு தமிழாகி நெடுநாளாயிற்று.

தஹ்னீக் என்ற சொல்லுக்கு அந்தச் சங்கடம் இல்லை. 'ஹனக்' என்றால் மேலண்ணம். மென்று குழைத்த பேரீச்சம்பழத்தைப் பிள்ளையின் மேலண்ணத்தில் தடவுவது தஹ்னீக். அஸ்மா அவர்களின் மகன் அப்துல்லாஹ் இப்னு ஸுபைருக்கு நபிகளார் அப்படிச் செய்து, பரக்கத் வேண்டித் துஆ கேட்டது புகாரியில் உள்ளது. தமிழில் இதற்குச் 'சேனை வைத்தல்' கச்சிதமாகப் பொருந்தும். ஒன்று கவனிக்க: பேரீச்சைக்குப் பதில் தேன் தொட்டு வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்து குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

இனி துஆ. வேண்டுதல், இறைஞ்சுதல் என்று பெயர்க்கலாம். ஆனால் பிள்ளைமேல் ஓதும் துஆவுக்கு இன்னும் சரியான சொல் நம்மிடம் இருக்கிறது: காப்பு. பிள்ளைத்தமிழின் முதல் பருவமே காப்புப் பருவம்தான். முஸ்லிம் புலவர்களும் அதைப் பாடியிருக்கிறார்கள். பேரன்மார் ஹஸன், ஹுஸைன் இருவருக்கும் நபிகளார் ஓதிய காப்பு இது:

'உஈதுகுமா பிகலிமாதில்லாஹித் தாம்மதி, மின் குல்லி ஷைத்தானின் வஹாம்மதின், வமின் குல்லி ஐனின் லாம்மஹ்.'

அல்லாஹ்வின் நிறைவான சொற்களைக் கொண்டு, எல்லா ஷைத்தானிடமிருந்தும் நச்சுயிரிடமிருந்தும், தீங்கு செய்யும் எல்லாக் கண்ணிலிருந்தும் உங்கள் இருவருக்கும் காப்புத் தேடுகிறேன் என்பது பொருள். இப்ராஹீம் நபி தம் மக்கள் இஸ்மாயீலுக்கும் இஸ்ஹாக்கிற்கும் இதைக் கொண்டே காப்புத் தேடினார் என்றும் நபிகளார் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் சொல்லின் கடைசியில் உள்ள 'குமா' என்பது 'உங்கள் இருவருக்கும்'. துஆப் புத்தகங்களும் அச்சடித்த அட்டைகளும் பெரும்பாலும் இதை அப்படியே தந்துவிடுவதால், ஒற்றைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருவருக்கும் ஓதுகிறவர்கள் அநேகம். ஆண்பிள்ளையானால் 'உஈதுக', பெண்பிள்ளையானால் 'உஈதுகி'. இரட்டைப் பிள்ளைகளுக்கு அட்டையில் உள்ளபடியே ஓதலாம்.