சாவிப் பரிமாற்றமா, சாவி உடன்பாடா?

செய்திகளைப் பூட்டித் திறக்க உதவும் ரகசிய எண்தான் சாவி. அதை இருவர் எல்லோரும் கேட்கப் பேசியே உண்டாக்கிக்கொள்ளும் முறைக்கு ஆங்கிலத்தில் 'கீ எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர். அதைத் தமிழில் பெரும்பாலும் 'சாவிப் பரிமாற்றம்' என்றே எழுதுகிறோம். பரிமாற்றம் என்றால் என்னிடமிருப்பது உங்களிடம் வரவேண்டும், உங்களிடமிருப்பது என்னிடம் வரவேண்டும். இங்கே அப்படி எந்தச் சாவியும் கைமாறுவதில்லை. ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கயலும் மாறனும் எல்லோர் காதிலும் விழும்படி இரண்டு எண்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்: பகா எண் 29, அடி எண் 2. கயல் 5 என்ற எண்ணையும் மாறன் 12 என்ற எண்ணையும் மனதுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரும் 2-ஐத் தம் ரகசிய எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி, 29-ஆல் வகுத்து, மீதியை மட்டும் அனுப்புகிறார்கள். வந்த மீதியை மறுபடி தம் ரகசிய எண்ணுக்கு உயர்த்துகிறார்கள்.

```
கயல் அனுப்புவது:     2^5  mod 29 = 3
மாறன் அனுப்புவது:    2^12 mod 29 = 7
கயல் கண்டது:         7^5  mod 29 = 16
மாறன் கண்டது:        3^12 mod 29 = 16
```

இரண்டுமே 2-இன் 60-ஆவது அடுக்குதான். 5-ஐ முதலில் ஏற்றினாலும் 12-ஐ முதலில் ஏற்றினாலும் ஒன்றே. சாவி 16. அந்த 16 ஒருமுறைகூட வெளியே போகவில்லை. ஒட்டுக்கேட்டவருக்குக் கிடைத்தவை 29, 2, 3, 7 மட்டும்.

இங்கே வரும் `mod`, இலத்தீனில் 'சிறு அளவு' என்று பொருள்படும் மாடுலஸ் என்ற சொல்லின் வழி வந்தது. 1801-இல் வெளிவந்த தம் எண்கணித நூலில் காஸ் அதைக் கணிதச் சொல்லாக்கினார். நம் பள்ளிப் பாடநூலில் 'மட்டு'. அளவு, எல்லை என்ற பொருள் அதிலேயே இருப்பதால் நல்ல பொருத்தம்.

டிஃபியும் ஹெல்மனும் 1976-இல் இம்முறையை வெளியிட்டபோது 'பொதுச் சாவி விநியோகம்' என்றார்கள். பரிமாற்றம் என்ற பெயர் பிறகு நிலைத்தது. இணையத் தர ஆவணம் `RFC 2631` தலைப்பிலேயே 'அக்ரிமென்ட்' என்கிறது. என் ஓட்டும் அதற்கே: சாவி உடன்பாடு. (சாவியே போர்த்துக்கீசியம்தான், 'ஷாவெ'. திறவுகோல் வேண்டுமென்பவர்கள் 'திறவுகோல் உடன்பாடு' எனலாம்.)

பொம்மைக் கணக்கு என்பதால் உடைப்பது சுலபம். 2-இன் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு வந்தால் ஐந்தாவதிலேயே 3 வந்துவிடும். நிஜத்தில் பகா எண் 2048 பிட், அதாவது 617 இலக்கம். அங்கே இந்த வேலை நடக்காது. அடி எண்ணையும் கண்டபடி எடுக்கக் கூடாது. 2-க்குப் பதில் 28 எடுத்தால் மீதி எப்போதும் 1 அல்லது 28 தான்.

சரி, உடன்பாடு யாரோடு? அதைக் கணக்கு சொல்லாது. நடுவில் ஒருவர் புகுந்து கயலிடம் மாறனாகவும் மாறனிடம் கயலாகவும் பேசினால், இருவரோடும் தனித்தனியே ஒரு சாவி அவருக்குக் கிடைத்துவிடும். அதனால்தான் அனுப்பும் மீதியோடு, அனுப்பியவர் இன்னார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பமும் சேர்த்து அனுப்புகிறார்கள்.