பொட்டு எங்கே போனது? கலியாண வீட்டு போட்டோ பூத்தின் ஒரு நிமிடம்

கிளிநொச்சியில் ஒரு கலியாண மண்டபம். வாசலுக்குப் பக்கத்தில் எங்கள் போட்டோ பூத். வந்தவர்கள் திரைக்கு முன்னால் நிற்பார்கள். ஒரு நிமிடத்துக்குள் அவர்களின் படம் நீர்வர்ண ஓவியமாக மாறி, அச்சாகி, கைக்கு வந்துவிடும். அன்றைக்குப் பேரப்பிள்ளைகள் நாலு பேரோடு ஒரு அம்மம்மா வந்து உட்கார்ந்தார். படம் வந்தது. சேலைக் கரை, பூமாலை எல்லாம் அழகாக விழுந்திருந்தன. அவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "தம்பி, என்ரை பொட்டு எங்கை?" என்று கேட்டார்.

பொட்டு இல்லை. திருநீறும் இல்லை. தாத்தா உயிரோடு பக்கத்தில் நிற்கிறார். கலியாண வீட்டில் அவருடைய மனைவியின் கையில் பொட்டில்லாத முகத்தை அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம். இதைச் சின்னப் பிழை என்று விட முடியாது. ஏன் அப்படி நடந்தது என்று தேடிப்போனதில், இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதே பிடிபட்டது.

நாங்கள் பயன்படுத்துவது ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற வகையைச் சேர்ந்த ஒரு மாதிரி, அதாவது ஏராளமான படங்களைப் பார்த்துப் படம் வரையக் கற்றுக்கொண்ட செயற்கை நுண்ணறிவு மென்பொருள். 2022 ஓகஸ்டில் பொதுவெளிக்கு வந்தது. இணையம் தேவையில்லை, லப்டொப்பிலேயே ஓடும். எல்லோரும் ஒரே நேரத்தில் காணொளி அனுப்பும் மண்டபத்தில் மொபைல் டேட்டாவை நம்பி இந்த வேலையை எடுக்க முடியாது.

இந்த மாதிரி நம்முடைய படத்தில் நேரடியாக வரைவதில்லை. முதலில் படத்தைச் சுருக்குகிறது. 8 பிக்சல் அகலமும் 8 பிக்சல் உயரமும் உள்ள ஒவ்வொரு சதுரமும் ஒரு கட்டமாகிறது. ஒரு கட்டத்துக்கு நாலு எண்கள் மட்டும். 512க்கு 768 பிக்சல் படம் இப்படி 64க்கு 96 கட்டங்களாகிறது. பதினொன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட எண்கள் இருந்த இடத்தில் 24,576 எண்கள்தான் மிஞ்சும். அதாவது 48 மடங்கு சுருக்கம். இவ்வளவு சுருக்குவதால்தான் எங்கள் லப்டொப்பில் சில விநாடிகளில் வேலை முடிகிறது.

அடுத்தது, அந்தக் கட்டங்களின் மேல் மணல் தூவுவதுபோல ஒழுங்கில்லாத எண்களைக் கலக்கிறது. பிறகு படிப்படியாக அந்த மணலை நீக்குகிறது. நீக்கும்போது "இது நீர்வர்ண ஓவியமாக இருந்தால் எப்படி இருக்கும்?" என்ற ஊகத்தோடு நீக்குகிறது. எவ்வளவு மணல் தூவுவது என்பதை `strength` என்ற எண் தீர்மானிக்கும். 0 என்றால் மணலே விழாது, சுருக்கி விரித்த படம்தான் வரும். 1 என்றால் முகமே வேறொருவருடையதாகிவிடும். 20 படிகள் என்று வைத்து `strength` 0.45 கொடுத்தால், உண்மையில் ஓடுவது 9 படிகள்தான். இந்த எண்ணைக் குறைத்தால் சாயலும் மிஞ்சும், நேரமும் மிஞ்சும். ஆனால் ஓவியத்தன்மை போய்விடும்.

இனி அம்மம்மாவின் பொட்டுக்கு வருவோம். ஐந்து பேரும் அடங்க வேண்டும் என்று படத்தைக் கிடையாக, ஏறக்குறைய 2.4 மீற்றர் அகலத்துக்கு எடுத்தோம். 768 பிக்சல்களை அந்த அகலத்துக்குப் பங்கிட்டால் ஒரு சென்ரிமீற்றருக்கு 3 பிக்சல் சொச்சம்தான் வரும். முகத்தின் அகலம் 14 சென்ரிமீற்றர் என்றால் அதற்குக் கிடைப்பது ஐந்து, ஆறு கட்டங்கள். ஒரு சென்ரிமீற்றர் பொட்டுக்கு அரைக் கட்டம்கூட இல்லை. அது நெற்றியின் நிறத்தோடு சேர்ந்து ஒரே கட்டத்துக்குள் கரைந்துவிடுகிறது. அதன்மேல் மணலும் விழுந்தால், மாதிரிக்கு அங்கே தெரிவது இலேசாகச் சிவந்த தோல்தான். அதை அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிடுகிறது. திருநீற்றின் மூன்று கோடுகள் இன்னும் மெல்லியவை. சில வேளை அவை சுருக்கமாகவும் நரைமயிராகவும் மாறி வரும்.

பொட்டு சுருக்கும்போது போனதா, மணல் நீக்கும்போது போனதா என்று பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. மணலே தூவாமல், மாதிரியில் சுருக்கி விரிக்கும் பகுதியான `vae` மூலம் படத்தைச் சுருக்கி உடனே விரித்துப் பார்ப்பது:

```python
x = vae.encode(img).latent_dist.mean
out = vae.decode(x).sample
```

`out` படத்திலேயே பொட்டு மங்கியிருந்தால், `strength` எண்ணை எவ்வளவு குறைத்தாலும் அது திரும்பாது. முகம் பெரிதாக வேண்டும், அதுதான் வழி. அதில் பொட்டு தெளிவாக இருந்தால் மட்டும் எண்ணைக் குறைத்துப் பார்க்கலாம். அம்மம்மாவின் படத்தில் முதலாவதுதான் நடந்திருந்தது.

அன்றே கமெராவைத் திருப்பி நிறுத்தி, தலையும் தோளும் மட்டும் வரும்படி 60 சென்ரிமீற்றர் அகலத்துக்கு அவரைத் தனியாக எடுத்தோம். இப்போது 512 பிக்சல் அந்த 60 சென்ரிமீற்றருக்கு. முகத்துக்குப் பதினைந்து கட்டங்கள், பொட்டுக்கு முழுசாக ஒரு கட்டம். `strength` 0.35. பொட்டு நின்றது. திருநீறு கோடாக வராமல் வெள்ளைப் பூச்சாக வந்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

குழுவாக நிற்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. முழுப் படத்தையும் ஓவியமாக்கிய பின், மூலப் படத்திலிருந்து ஒவ்வொரு முகத்தையும் வெட்டிப் பெரிதாக்கி, குறைந்த `strength` கொடுத்துத் தனியாக ஓட்டி, ஓரங்களை மென்மையாக்கி ஒட்டலாம். மூலப் படம் பெரிய கமெராக் கோப்பாக இருந்தால் இது நன்றாக வரும். ஆனால் எங்கள் லப்டொப்பில் ஒரு முகத்துக்கு ஆறு விநாடி பிடிக்கிறது. ஐந்து முகத்துக்கு அரை நிமிடம். நின்று படம் எடுக்கப் பத்து விநாடி, முதல் ஓட்டம் பன்னிரண்டு, அச்சுக்குப் பதினைந்து என்று ஏற்கெனவே போயிருக்கும்போது, ஒரு நிமிடம் தாண்டிவிடும், வரிசை நீளும். அதனால் பூத்துக்குள் ஒரே தடவையில் இரண்டு பேர் என்று வைத்துவிட்டோம். தரையில் நாடா ஒட்டி நிற்கும் இடத்தைக் காட்டியிருக்கிறோம்.

மத்தியான வெயிலில் இந்தக் கணக்கும் குழம்பும். லப்டொப் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பன்னிரண்டு விநாடி இருபதாகும். மின்விசிறியை மேசைக்குத் திருப்புவதே மருந்து. பிரிண்டருக்குப் பகை தூசி. அது மஞ்சள், மஜெந்தா, சியான் என்று ஒவ்வொரு நிறமாகச் சூட்டால் தாளில் ஏற்றி, கடைசியில் பாதுகாப்புப் படலமும் பூசும். ரிப்பனில் ஒரு துகள் இருந்தால் அந்த இடத்தில் நிறம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி விழும். மண்டப வளவில் வாகனம் திரும்பும்போதெல்லாம் செம்மண் புழுதி எழும்புவதால், பிரிண்டரை வாசலைப் பார்த்து வைப்பதில்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதிரி கறுப்புத் தோலை வெளுப்பாக்கப் பார்க்கிறது. அது கற்றுக்கொண்ட ஓவியங்களிலும் படங்களிலும் வெளுத்த முகங்கள் அதிகம். "வெள்ளையாத்தானே வந்திருக்கு, நல்லது" என்று சிலர் சொல்வார்கள். நான் அதற்கு உடன்படுவதில்லை. முகப் பகுதியின் சராசரி வெளிச்சத்தை மூலப் படத்தில் அளந்து, ஓவியத்திலும் அதே அளவுக்கு இறக்கிவிட ஒரு விநாடிகூட எடுக்காது. பாடசாலை விழாக்களில் இதை நிறுத்தவே மாட்டோம். பிள்ளை தன் முகத்தைத் தன் நிறத்திலேயே பார்க்க வேண்டும்.

ஓவியத்தோடு மூலப் படத்தையும் கொடுக்கிறோம். இடம்பெயர்ந்த காலத்தில் ஆல்பங்களைத் தொலைத்த குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு மாதிரியின் ஊகம் கலக்காத முகம் ஒன்று கையில் இருக்க வேண்டும். இரவு பூத்தைக் கழற்றுமுன் மூலப் படங்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிப் பெண் வீட்டாரிடம் கொடுத்து, அவர்கள் ஒன்றிரண்டைத் திறந்து பார்த்த பிறகுதான் லப்டொப்பிலிருந்து அழிக்கிறோம்.