ஒப்புமை: திராட்சை ரொட்டியை மாற்றலாமா?

‘அனலஜி’ என்பதற்குத் தமிழில் உவமை, ஒப்புமை ஆகிய இரண்டும் வழங்குகின்றன. அறிவியல் மொழிபெயர்ப்பில் ஒப்புமையையே நான் ஆள்கிறேன். மூலமான ‘அனலோகியா’ என்னும் கிரேக்கச் சொல் கணிதத்தில் விகிதப் பொருத்தத்தைக் குறித்தது. அதாவது, ஒன்றுக்கு இரண்டு எப்படியோ, மூன்றுக்கு ஆறும் அப்படியே. செய்யுள் உவமைக்கு ஒரு பண்பு ஒத்தாலே போதும். ‘ஒத்தல்’ என்னும் வினையிலிருந்து வந்த ஒப்புமையிலோ உறவுகள் ஒத்திருக்க வேண்டும்.

அந்த ஒப்பு எதில் நிற்கிறது என்று பார்க்கத் தொல்காப்பிய உவமவியலின் முதல் நூற்பாவே உதவுகிறது. வினை, பயன், மெய், உரு என உவமையின் நான்கு வகைகளை அது சொல்கிறது. தேவாலயத்துக்குள் ஓர் ஈயைப் போல அணுவுக்குள் அணுக்கரு இருக்கிறது என்றால், அங்கே ஒப்பு மெய்யில், அதாவது அளவில் மட்டும் நிற்பதால், மாணவர் அறிந்த வேறொரு பெரிய கூடத்தை இடலாம்.

வினையில் நிற்கும் ஒப்புமை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. பினாங்கில் மாணவர் இதழ் ஒன்றுக்காகப் பேரண்ட விரிவு பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்தபோது, உப்பும் ரொட்டி மாவில் பதிந்த உலர்திராட்சைகளாக விண்மீன் மண்டலங்கள் காட்டப்பட்டிருந்தன. “நம்ம பிள்ளைகளுக்கு முந்திரி வைத்த இட்லி என்று எழுதலாமே, சார்” என்றார் நண்பர். ஆனால் இட்லி மாவு பெரும்பாலும் பானையிலேயே பொங்கிவிடுகிறது. முந்திரியோ மேலே ஒன்றே ஒன்றாக உட்கார்ந்திருக்கும். தோசை இன்னும் மோசம்: கரண்டி நடுவிலிருந்து தள்ளுவதால், பேரண்டத்துக்கும் ஒரு நடு உண்டு என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள். கிஸ்மிஸ் ரொட்டி இங்கே கடைக்குக் கடை கிடைப்பதால், மாற்றத் தேவையே எழவில்லை.

ரொட்டியில் நிகழ்வது இதுதான். ஒரு திராட்சையிலிருந்து 1, 2, 3 செ.மீ. தொலைவில் இருந்தவை, இடைவெளிகள் இருமடங்கானதும் 2, 4, 6 செ.மீ. தொலைவுக்குப் போகின்றன. அதே நேரத்தில் அருகிலுள்ளது 1 செ.மீ. விலக, தொலைவிலுள்ளது 3 செ.மீ. விலகுகிறது. தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் கூடும் என்று 1929இல் வானியலாளர் ஹப்பிள் வெளியிட்ட உறவு இந்த விகிதமே. எந்தத் திராட்சையில் இருந்து பார்த்தாலும் இதுவே தெரியும்.

சறுக்கல் வேறிடத்தில் காத்திருந்தது. ‘மாவு இருமடங்கு உப்புகிறது’ என்றே முதலில் எழுதியிருந்தேன். சமையலறை வழக்கில் அது பருமனைக் குறிக்கும். பருமன் இருமடங்கானால் இடைவெளி ஏறத்தாழ 1.26 மடங்கே ஆகும். இடைவெளி இருமடங்காக வேண்டுமானால் பருமன் எட்டு மடங்காக வேண்டும். ஆகவே ‘திராட்சைகளுக்கு இடைப்பட்ட தொலைவு இருமடங்காகிறது’ என்று திருத்தினேன். கூடவே, திராட்சை உப்பாததுபோல விண்மீன் மண்டலமும் ஈர்ப்பால் கட்டுண்டு தன் அளவில் நிற்கிறது என்றும், ரொட்டிக்கு உள்ள மேலோடு பேரண்டத்துக்கு இருப்பதாகக் கொள்ளக் கூடாது என்றும் இரு வரிகள் சேர்த்தேன்.