கொண்டை ஊசி வளைவில் சைக்கிள் ஏன் எதிர்த்தடத்துக்குப் போகிறது?

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வார இறுதிகளில் சைக்கிள் ஓட்டுபவர்களை அங்கே கூட்டிப்போய் மலை இறங்கப் பழக்குவது என் வேலை. இறக்கத்தில் வளைவு என்றதும் எல்லோருக்கும் ஒரே பயம்: ரொம்பச் சாய்ந்தால் டயர் வழுக்கிவிடும். வழுக்குவது உண்டுதான். ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் நான் அதிகம் பார்ப்பது அதற்கு நேர் எதிரானது. போகிற வேகத்துக்கு வேண்டிய அளவு சாயாமல், வளைவை விட்டு வெளியே ஓடிப்போகிறவர்கள்.

ஒருவரைச் சொல்கிறேன். சமதளத்தில் நன்றாக ஓட்டுவார், முதல் மலை இறக்கம். இடது பக்கம் திரும்பும் ஒரு வளைவுக்குள் போகும்போது அவருடைய மீட்டரில் மணிக்கு 28 கிலோமீட்டர். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். சைக்கிள் சாயத் தொடங்கியது, பாதியில் அவர் தோள் விறைத்தது, தலை நிமிர்ந்தது. அவ்வளவுதான், சைக்கிள் மெதுவாக வலப்பக்கம் நகர்ந்து நடுக்கோட்டைத் தாண்டி எதிர்த்தடத்துக்குப் போய்விட்டது. மேலே ஏறிவந்த பேருந்தின் ஓட்டுநர் அந்த மலைக்குப் பழகியவர், வளைவுக்கு முன்பே நிறுத்தியிருந்தார். கீழே இறங்கியதும், "ஹேண்டில்பாரைத் திருப்பித்தான் இருந்தேன் சார், வண்டி திரும்பவே இல்லை" என்றார்.

ஏன் திரும்பவில்லை? திரும்பும்போது சாலை டயரை வளைவின் உட்பக்கமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் கிடைப்பது கீழே, டயர் தரையைத் தொடும் இடத்தில் மட்டும். நிமிர்ந்தே இருந்தால் கீழ்ப்பகுதி உள்ளே போகும், உடல் வெளிப்பக்கம் கவிழும். அதைச் சரிக்கட்டத்தான் உட்பக்கம் சாய்கிறோம். எவ்வளவு சாய வேண்டும் என்பதைப் பள்ளி இயற்பியலில் படித்த ஒரு வரி சொல்லிவிடும்:

tan θ = v² / (r g)

θ என்பது நேர்க்குத்திலிருந்து சாயும் கோணம். v வேகம் (வினாடிக்கு மீட்டர்), r வளைவின் ஆரம், g என்பது 9.8. இதில் எடை இல்லை என்பதைக் கவனியுங்கள். 50 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் ஒரே வளைவில் ஒரே வேகத்தில் போனால் ஒரே கோணம்தான். 'நான் கொஞ்சம் கனமான ஆள், பார்த்துச் சாயணுமா?' என்று ஒவ்வொரு குழுவிலும் யாராவது கேட்பார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

இப்போது அந்த வளைவுக்கு வருவோம். அவர் தடத்தில் ஆரம் சுமார் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 28 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 7.8 மீட்டர். கணக்குப் போட்டால் சாய்வு ஏறக்குறைய 32 டிகிரி வருகிறது. பழகாதவருக்கு அது பயங்கரமான சாய்வு. பெரும்பாலானோருக்கு 20 டிகிரியிலேயே மனசு 'போதும்' என்று சொல்லிவிடும். அவரும் அங்கேதான் நின்றிருப்பார். அதே வேகத்தில் 20 டிகிரி மட்டும் சாய்ந்தால் சைக்கிள் எந்த ஆரத்தில் திரும்பும்? கிட்டத்தட்ட 17 மீட்டர். சாலை கேட்டது 10, அவர் கொடுத்தது 17. மிச்சத்தை எதிர்த்தடத்திலிருந்து எடுத்துக்கொண்டார். ஹேண்டில்பாரை இன்னும் திருப்பியிருந்தாலும் பயனில்லை, வெளிப்பக்கம் கவிழ்ந்திருப்பார்.

சூத்திரத்தில் வேகத்துக்கு மேலே அந்த இரண்டு இருக்கிறதே, அதுதான் நமக்குச் சாதகம். அதே வளைவில் 28-ஐ 20 ஆகக் குறைத்தால் சாய்வு 32-லிருந்து 17, 18 டிகிரிக்கு இறங்கிவிடும். எட்டு கிலோமீட்டர்தான் குறைத்திருக்கிறோம், சாய்வோ கிட்டத்தட்டப் பாதி. இதற்கு வளைவுக்கு முன்னால், நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சீராகப் பிடித்தால் பத்துப் பதினைந்து மீட்டர் போதும். வளைவுக்குள் போனபின் பதறிப் பிடிப்பதுதான் வினை. டயருக்குத் தரையில் உள்ள பிடி ஒன்றுதான், திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் அதையே பங்குபோட வேண்டும். போதாததற்கு, சாய்ந்த நிலையில் முன்பிரேக்கைப் பிடித்தால் பெரும்பாலும் சைக்கிள் தானாக நிமிரப் பார்க்கும், அதாவது ஆரம் இன்னும் பெரிதாகும்.

நம் சாலைகளுக்கென்று இன்னொன்று. நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம். அதனால் இடது வளைவில் நமக்குக் கிடைப்பது உட்தடம், ஆரம் சிறியது. வலது வளைவில் வெளித்தடம், ஆரம் பெரியது. ஒரே அகலச் சாலையில் இடது வளைவில் 8 மீட்டரும் வலது வளைவில் 13 மீட்டரும் என்று வைத்தால், 25 டிகிரி சாய்வில் முதலாவதில் 22 கிலோமீட்டர் வேகம்தான் போகலாம், இரண்டாவதில் 28 வரை. வலது வளைவைச் சுகமாகக் கடந்துவிட்டு அதே வேகத்தில் அடுத்த இடது வளைவுக்குள் நுழைகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். உட்தடம் செங்குத்தாகவும் இறங்கும் என்பதால் வேகம் அங்கே தானாகவே கூடும். பந்தய வீடியோ பார்த்துவிட்டு வெளியே போய் உள்ளே வெட்டி மறுபடி வெளியே வருவது ஆரத்தைப் பெரிதாக்கும், உண்மை. ஆனால் அது மூடிய சாலையில் செய்கிற வேலை. மலைப்பாதையில் உங்கள் தடத்தின் அகலத்துக்குள் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுதான்.

சாய்வதற்கே தைரியம் வராதவர்களுக்கு மலை வேண்டாம், மைதானம் போதும். ஒருவர் நடுவில் கயிற்றின் முனையைப் பிடிக்க, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி 5 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். கோட்டின் மேலேயே சுற்றுங்கள். 10 கிலோமீட்டர் வேகத்தில் சாய்வு 9 டிகிரி, ஒன்றுமே தெரியாது. 15-இல் 19, 20 டிகிரி. 18-இல் 27 டிகிரி. யாரையாவது பின்னாலிருந்து போனில் படம் எடுக்கச் சொன்னால் கோணத்தை நேரிலேயே பார்க்கலாம். உட்பக்கக் கால் மேலே, வெளிப்பக்கக் கால் கீழே, எடை முழுவதும் அந்தக் கீழ்ப்பெடலில். இல்லாவிட்டால் உட்பெடல் தரையில் தட்டும். இடப்பக்கம் சாய வேண்டுமானால் இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுங்கள். முதலில் வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் சைக்கிள் உடனே அந்தப் பக்கம் விழத் தொடங்குவது கையிலேயே தெரியும். இரண்டு பக்கமும் சுற்றுங்கள், பலருக்கு ஒரு பக்கம் மட்டும் சாய வராது.

இதெல்லாம் காய்ந்த தாருக்கு. tan θ-வின் மதிப்பு எவ்வளவோ, அவ்வளவு உராய்வு டயருக்குக் கிடைத்தாக வேண்டும். 32 டிகிரிக்கு அது 0.62. நல்ல காய்ந்த தார் 0.7-க்கு மேல் தரும், நனைந்தால் 0.4, 0.5 என்று இறங்கிவிடும். அங்கே 25 டிகிரியே எல்லைக்கோடு. மழைக்குப் பிறகு வளைவின் உள்மூலையில் மண்ணும் சரளையும் அடித்து வந்து கிடக்கும், அது இன்னும் மோசம். அந்த 10 மீட்டர் வளைவை அப்போது நான் 12, 13 கிலோமீட்டருக்கு மேல் எடுப்பதில்லை, சாய்வு 8 டிகிரியைத் தாண்டாது.