குரைக்கும் இருமலும் ஒழுகும் எச்சிலும்

மழை பெய்துகொண்டிருந்த ஒரு ராத்திரி, ஒரு மணிக்கு மேல், குளச்சல் பக்கமிருந்து ஒன்றரை வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "நாய் குரைக்குத மாதிரி இருமுதான் சாரே" என்றார் பாட்டி. இரண்டு நாளாகச் சளி, லேசான காய்ச்சல், குரல் கம்மியிருந்தது. அழும்போது மட்டும் மூச்சை உள்ளே இழுக்கையில் 'கீ' என்று ஒரு சத்தம். அதைத்தான் ஸ்ட்ரைடர் என்கிறோம். அம்மா தோளில் போட்டு அமர்த்தியதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

இது குரூப். பெரும்பாலும் பாராஇன்ஃப்ளூயன்சா வைரஸால், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு அதிகம் வருவது. குரல் நாண்களுக்குக் கொஞ்சம் கீழே, மூச்சுப்பாதையைச் சுற்றிக் குருத்தெலும்பு முழு வளையமாக இருக்கிறது. அங்கே வீங்கினால் வெளிப்பக்கம் விரிய இடமில்லாமல் பாதை உள்ளே குறுகிவிடும். பையனின் எடை பத்து கிலோ. வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் ஆறு மில்லிகிராம், ஒரே தடவை வாய்வழியாகக் கொடுத்து, சில மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினோம். அமைதியாக இருக்கும்போதும் அந்தச் சத்தம் கேட்டாலோ, மூச்சு இழுக்கையில் நெஞ்சுக்குழி உள்வாங்கினாலோ, அட்ரினலின் நெபுலைசரும் வேண்டியிருக்கும். கொதிநீர் ஆவி மட்டும் பிடிக்க வேண்டாம். அதனால் பயன் உண்டென்று நிரூபணமில்லை, வெந்துபோன பிள்ளைகள்தான் உண்டு.

அன்று எனக்குப் பயம் இல்லை. நான் பயந்தது பயிற்சிக் காலத்தில் பார்த்த நாலு வயதுப் பிள்ளையிடம். அவளுக்கு இருமலே கிடையாது. காலையில் விளையாடியவளுக்கு மதியம் கடும் காய்ச்சல், சாயங்காலம் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. கைகளை முன்னால் ஊன்றி, நாடியை நீட்டி, வாய் திறந்து, எச்சில் சட்டையெல்லாம் ஒழுக உட்கார்ந்திருந்தாள். மூச்சுச் சத்தம் மெதுவாகத்தான் கேட்டது. தொண்டையைப் பார்க்கலாமென்று கூட வந்த ஒருவர் கரண்டியும் டார்ச்சும் எடுத்தார். சீனியர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

இது எபிகிளாட்டைட்டிஸ். வீங்குவது நாண்களுக்கு மேலே இருக்கும் குரல்வளை மூடி. நாக்கை அழுத்தினாலோ, பிள்ளை அழுதாலோ, மல்லாக்கப் படுக்க வைத்தாலோ பாதை மொத்தமாக அடைபடலாம். ஊசிகூடப் போடாமல், அம்மா மடியிலேயே உட்கார்த்தி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனோம். மயக்க மருத்துவர் மூச்சுப்பாதையில் குழாய் போட்ட பிறகுதான் ரத்தம் எடுத்ததும், ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும்.

தடுப்பூசி போடாத பிள்ளை அவள். இதற்கு முக்கியக் காரணமான ஹிப் கிருமிக்கு எதிரான மருந்து, 2011 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய பென்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது. 6, 10, 14 வாரங்களில் போடுவது. அதனால் இப்போது அபூர்வம்தான், ஆனால் இல்லாமல் போய்விடவில்லை.

குரைக்கும் இருமல் உள்ள பிள்ளையை வீட்டில் கொஞ்சம் அமர்த்திப் பார்க்க நேரம் இருக்கும். எச்சில் ஒழுக, சத்தமில்லாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த நேரம் கிடையாது. தண்ணீர், மருந்து எதுவும் வாயில் கொடுக்காமல், உட்கார்ந்த நிலையிலேயே 108-ல் ஏற்றுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல மயக்க மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் உள்ள இடத்துக்கு நேராகக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.