அந்த வார்த்தைக்கு அடுத்த பத்து நொடி

மேலூர்ப் பக்கத்திலிருந்து நாலரை வயதுப் பையனை அழைத்துக்கொண்டு ஓர் அம்மா என்னிடம் ஆலோசனைக்கு வந்திருந்தார். பையனின் உதட்டோரம் சிவந்து தடித்திருந்தது. முதல்நாள் ஒரு காதுகுத்து வீட்டில் பெரியவர் ஒருவரைப் பார்த்து அவன் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் வாயில் மிளகாயைத் தேய்த்திருக்கிறார்கள். "எங்கிட்டுக் கத்துக்கிட்டான்னே தெரியல மேடம்" என்று அந்த அம்மா அழுதார்.

மிளகாய் வாயையும் கண்ணையும் எரித்துப் புண்ணாக்கும். ஆனால் கோபம் வந்தால் அந்த வார்த்தைக்குப் பதில் என்ன சொல்வது என்பதை அது கற்றுத் தராது. இதை அவரிடம் நேராகவே சொன்னேன்.

பெரும்பாலான பெற்றோர் வார்த்தை எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் தேடுகிறார்கள். நான் கேட்பது வேறு: அவன் சொன்ன அடுத்த பத்து நொடியில் வீட்டில் என்ன நடந்தது? ஐந்து நாள் குறித்துவரச் சொன்னேன். எப்போது சொன்னான், யார் இருந்தார்கள், அவர்கள் என்ன செய்தார்கள், அவ்வளவுதான். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார்.

ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை சொல்லியிருக்கிறான். முக்கால்வாசி சித்தப்பா வீட்டில் இருக்கும் நேரம். சித்தப்பா சிரிப்பார், "இன்னொரு தடவ சொல்லுடா" என்பார். ஒருமுறை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறார். அப்பத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து திட்டுவார். மூன்று பேருமே அவனைத் திரும்பிப் பார்த்துவிடுகிறார்கள். அந்த வயதுப் பிள்ளைக்குச் சிரிப்பும் திட்டும் ஏறக்குறைய ஒரே பரிசு. பொருள் தெரியாமல், அந்த ஓசைக்கு வீடே அசைவதைத்தான் அவன் கண்டுகொண்டிருந்தான்.

மீதிக் கால்வாசி வேறு மாதிரி. அண்ணன் பொம்மை வண்டியைப் பிடுங்கும்போது சொன்னது. அது வேடிக்கைக்கு இல்லை, கோபம். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

வேடிக்கைக்குச் சொன்னால், முகத்தில் எதுவும் காட்டாமல், "இந்த வார்த்தை நம்ம வீட்ல கிடையாது" என்று ஒரே ஒரு முறை, சாதாரணக் குரலில் சொல்லிவிட்டுச் செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்ப வேண்டும். விளக்கம் வேண்டாம், மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம். அடுத்து அவன் நல்லபடியாக ஏதாவது பேசியதும் உடனே திரும்பி, முழுக் கவனத்தோடு பதில் சொல்ல வேண்டும். இந்தப் பின்பாதியை விட்டுவிட்டால் முன்பாதி பலிக்காது.

கோபத்தில் சொன்னால், மாற்று வார்த்தை தர வேண்டும். "எனக்குக் கோவமா இருக்கு, வண்டியக் குடு" என்பதை அவன் கோபமில்லாமல் இருக்கும்போது பழக்கச் சொன்னேன். தினமும் ஐந்து நிமிடம் அம்மா விளையாட்டாக வண்டியைப் பிடுங்குவார், அவன் அதைச் சொன்னதும் கொடுத்துவிடுவார். கொந்தளிப்பில் இருக்கும்போது எந்தப் பிள்ளைக்கும் புதிதாக எதுவும் மண்டையில் ஏறாது.

நாலாம் நாள் போன் வந்தது. "குறையல மேடம், இன்னிக்கு இருபதைத் தாண்டிருச்சு. பக்கத்துல வந்து கத்திச் சொல்றான்." நான் எதிர்பார்த்ததுதான். இதுவரை கிடைத்த கவனம் திடீரென்று நின்றால் பிள்ளை சத்தத்தைக் கூட்டிப் பார்ப்பான். நிறையப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள். அன்று ஒருவர் சிரித்தாலும், அடித்தாலும், இருபது முறை சொன்னால் பலன் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். அதனால் அன்று மாலையே சித்தப்பாவிடம் பேசினேன். சிரிப்பை அடக்க முடியாவிட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுங்கள் என்றேன். அப்படியே செய்தார். குழுவில் போட்ட வீடியோவையும் அவரே அழித்தார்.

வார்த்தை வந்த வழி சித்தப்பாவின் போனில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் குட்டி வீடியோக்கள். பார்த்த வரலாற்றை அழித்தோம், இல்லாவிட்டால் அதே மாதிரி வீடியோதான் திரும்பத் திரும்ப வரும். யூடியூப் கிட்ஸ் செயலியில் பெற்றோர் தேர்ந்தெடுத்தவை மட்டும் ஓடும்படி அமைத்தோம். கெட்ட வார்த்தையைச் செயலி தானாகவே வடிகட்டிவிடும் என்று நம்பி விட்டுவிட முடியாது. தெருப் பிள்ளைகளிடமிருந்து வருவதை நிறுத்தவும் முடியாது, அதற்காக விளையாட அனுப்பாமல் இருக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் இந்த முறையில் கையாளக் கூடாது. பாலியல் வார்த்தையைச் சொல்வதோடு அந்தச் செயலை விவரித்தாலோ, செய்து காட்டினாலோ, குறிப்பிட்ட ஆளைக் கண்டு பயந்தாலோ, கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. "இத யார் சொன்னாங்க?" என்று பதறாமல் ஒருமுறை கேளுங்கள், குடைந்து கேட்காதீர்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.

மேலூர்ப் பையனுக்கு மூன்றாவது வாரம் எண்ணிக்கை நாளைக்கு ஒன்று, இரண்டு என்று வந்தது. கடைசியாக வந்தபோது அறையிலிருந்த பொம்மை பஸ்ஸை நான் எடுத்தேன். என்னை முறைத்துப் பார்த்து, "கோவமா இருக்கு, குடு" என்றான். கொடுத்துவிட்டேன்.