கமகம்: எந்த ஆட்டம் படித்த ஆட்டம்?

பினாங்கில் நவராத்திரி இரவுகளில் கோயில் மண்டபத்தில் யாராவது பாடினால், பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார்: "குரல் எப்படி ஆடுது பாருங்க, முறையா சங்கீதம் படிச்ச பிள்ளை." குரல் ஆடுவதைக் கவனிப்பது சரிதான். ஆனால் அது எந்த ஆட்டம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கமகம் வடசொல். 'போதல்' என்று பொருள்படும் 'கம்' என்ற வேரிலிருந்து வந்தது. ஒரு சுரம் தன் இடத்திலேயே நிற்காமல் அடுத்த சுரத்தின் பக்கம் போய் வருவது என்று அதைப் புரிந்துகொள்ளலாம். 13ஆம் நூற்றாண்டில் இசை இலக்கண நூல் எழுதிய சார்ங்கதேவர், கேட்பவர் மனத்துக்கு இதம் தரும் சுர அசைவு என்று அதற்கு இலக்கணம் சொல்லி, 15 வகைகளைக் காட்டினார்.

போன வருடம் ஒரே மேடையில் இருவர் தோடி ராகத்தில் விருத்தம், அதாவது தாளக்கட்டு இல்லாத செய்யுள், பாடக் கேட்டேன். முதலில் பாடிய அக்காவின் காந்தாரம், அதாவது 'க' என்ற சுரம், ஓரிடத்தில் நிற்கவே இல்லை. அதற்குக் கீழே உள்ள ரிஷபத்துக்கும் மேலே உள்ள மத்தியமத்துக்கும் நடுவே அகலமாக ஊசலாடியது. அந்த ஊசலை அவர் விரும்பியபடி மெதுவாக்கினார், விரைவாக்கினார். ஆனால் பஞ்சமத்துக்கு வந்ததும் குரல் கோடு போட்டது போல நின்றது. சட்ஜமமும் பஞ்சமமும் அசையாத சுரங்கள் என்பது அவர் தொண்டைக்கே தெரிந்திருந்தது.

அடுத்து வந்த தம்பிக்கு இனிமையான குரல், பிருகா என்ற வேகமான சுரச் சுழற்சிகளும் பளிச்சென்று விழுந்தன. ஆனால் அவருடைய காந்தாரம் ஆர்மோனியக் கட்டையை அழுத்தியது போல நேராக நின்றது. வரியின் கடைசியில் பஞ்சமத்தை நீட்டும்போதுதான் குரல் நடுங்கியது: விநாடிக்கு 5, 6 தடவை, சின்ன அகலத்தில், எப்போதும் ஒரே வேகத்தில். அது மெல்லிசைக்காரர்கள் நீண்ட சுரத்துக்குக் கொடுக்கும் அதிர்வு. அதுவும் அழகுதான், ஆனால் கமகம் இல்லை.

பிருகாவை மட்டும் வைத்து ஏமாறக் கூடாது. ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒரு பாட்டின் சங்கதிகளை, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்களை, அப்படியே பிடித்துவிடலாம். விருத்தத்தில் பிடித்துக்கொள்ளப் பாடமாக்கிய மெட்டு கிடையாது, அதனால் அங்கே தெரிந்துவிடும். இன்னொன்று: கர்நாடக சங்கீதம் படித்தவர் சினிமாப் பாட்டுக்காக வேண்டுமென்றே நேராகப் பாடலாம். ஆகவே கமகம் கேட்டால் பயிற்சி உண்டு என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம், கேட்காவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது.

சரி, கமகத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? சிலப்பதிகாரக் கானல்வரியில் வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல் என்று வரிசையாகச் சொற்கள் வருகின்றன. அவை யாழ் நரம்பில் விரல் செய்யும் வேலையைக் குறிப்பவை. அவற்றில் ஒன்றை எடுத்துக் குரலின் கமகம் முழுவதற்கும் பெயராக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 'அசைவு' போதும். மெல்லிசையின் அந்த நீட்டல் ஆட்டத்தை 'அதிர்வு' என்று பிரித்துச் சொன்னால், மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவருக்கும் உடனே விளங்கும்.